அக்கவுண்ட் மாறிடுச்சுன்னு சொல்லுங்க, நம்பரை மட்டும் எழுதாதீங்க

வணக்கம் மக்களே, இன்னைக்கு ஆத்தங்குடில எங்க சித்தப்பாவோட டைல்ஸ் பட்டறைலேருந்து பேசுறேன், பின்னாடி சத்தம் கேக்கும், பொறுத்துக்கோங்க. கண்ணாடில கலர் ஊத்துற வீடியோதானே எப்பவும் போடுவேன், இன்னைக்கு அது கிடையாது. இங்க கணக்கு நான்தான் பாக்குறேன்னு உங்கள்ல பாதி பேருக்கு தெரியும், அந்த வேலைல நாங்க பட்ட ஒரு அடியையும் அதுக்கப்புறம் என்ன மாத்துனோம்ங்கறதையும் முழுசா சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

முதல் தடவை நாங்க பேங்க் மாத்துனப்ப எல்லாரும் செய்யற மாதிரிதான் செஞ்சோம். லெட்டர்ஹெட்ல "எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது"ன்னு டைப் பண்ணி, புது அக்கவுண்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி, கேன்சல்டு செக் போட்டோ எல்லாம் சேத்து ஒரு பிடிஎஃப், அதை எல்லா கஸ்டமருக்கும் மெயில் போட்டாச்சு, சித்தப்பா வாட்ஸாப் ஸ்டேட்டஸ்லயும் வச்சாரு. லெட்டர் உண்மையான லெட்டர்தான், நம்பரும் கரெக்ட்தான். ஒன்பது நாள் கழிச்சு கோயம்புத்தூர்ல ஒரு பில்டர் ஆபீஸுக்கு அதே மெயிலுக்கு கீழயே ஒரு பதில் வருது, "முன்பு அனுப்பிய கணக்கில் ஆடிட் நடப்பதால் இந்த மாதத் தொகையை மட்டும் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும்", கூடவே அதே லெட்டர்ஹெட், அதே மாதிரி கேன்சல்டு செக், நம்பர் மட்டும் வேற. அவங்க அக்கவுண்டன்ட் 3,40,000 ரூபாய ஆர்டிஜிஎஸ் பண்ணிட்டாங்க.

அவங்க மேல தப்பே சொல்ல முடியாதுங்க. அக்கவுண்ட் மாறுதுன்னு நாங்கதானே சொல்லியிருந்தோம், சும்மா இருந்த நேரத்துல இப்படி ஒரு மெயில் வந்திருந்தா அந்த அம்மா சந்தேகப்பட்டிருப்பாங்க, நாங்க ஒரு அறிவிப்பு விட்டதால "ஓ, இவங்கதான் பேங்க் மாத்திக்கிட்டு இருக்காங்களே"ன்னு மனசு முன்னாடியே தயாராயிடுச்சு. திருடன் புதுசா கதை கட்டவே வேணாம், எங்க கதைக்கு ஒரு பாகம் ரெண்டு எழுதுனா போதும். அப்புறம் பாத்தா எங்க மெயிலுக்குள்ள யாரோ முன்னாடியே பூந்து, பேமென்ட், பேங்க்னு வார்த்தை வர்ற மெயிலெல்லாம் தானா வேற ஒரு அட்ரஸுக்கு ஒரு காப்பி போற மாதிரி செட்டிங் போட்டு வச்சிருக்காங்க, அதுலேருந்துதான் லெட்டர்ஹெட்டு, கையெழுத்து, யாரு எப்ப பணம் கட்டுவாங்கங்கறது எல்லாமே போயிருக்கு. பதில் மெயில் வந்த அட்ரஸ்ல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

நாங்க கண்டுபிடிச்சதே மூணாவது நாள், சித்தப்பா பணம் வரலையேன்னு போன் போட்டப்ப. உடனே அவங்க 1930க்கு கூப்பிட்டு புகார் குடுத்தாங்க, cybercrime.gov.in லயும் பதிவு பண்ணாங்க, ஆனா அதுக்குள்ள பணம் நாலஞ்சு அக்கவுண்ட் தாண்டிப் போயிருச்சு, கொஞ்சம்தான் முடக்க முடிஞ்சுது. முதல் சில மணி நேரத்துல சொல்லியிருந்தா நிலைமை வேற.

போன வருஷம் ஓவர்டிராஃப்ட் லோனுக்காக மறுபடியும் பேங்க் மாத்த வேண்டி வந்துச்சு. இந்த தடவை நான் சித்தப்பாகிட்ட ஒரே பிடியா நின்னேன், அறிவிப்புல அக்கவுண்ட் நம்பரே இருக்கக்கூடாதுன்னு. "ஏத்தா, நம்பர் இல்லாம அது என்ன அறிவிப்பு, எதுல பணம் போடுவாங்க"ன்னு கேட்டாரு, நியாயமான கேள்விதான். நான் சொன்னது இதுதான், நம்ம லெட்டர்ல நம்பர் இருந்தா நல்ல லெட்டரும் கள்ள லெட்டரும் ஒரே மாதிரி இருக்கும், கஸ்டமர் ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தாக்கூட பிரிக்க முடியாது. "எந்த மெயில்லயும் எந்த வாட்ஸாப்லயும் நம்பர் அனுப்பவே மாட்டோம்"னு முன்னாடியே சொல்லிட்டா, அதுக்கப்புறம் நம்பரோட என்ன வந்தாலும் அது கள்ளம்னு யாரு வேணா சொல்லலாம், அதுக்கு பெரிய படிப்பு வேணாம்.

நாங்க அனுப்புன வாசகத்தை அப்படியே படிக்கிறேன். "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறுகிறது. பழைய அக்கவுண்ட் இன்னும் மூன்று மாதம் திறந்தே இருக்கும், அவசரம் இல்லை. புது நம்பரை மெயிலிலோ வாட்ஸாப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ அனுப்ப மாட்டோம், நாங்களாக போன் செய்தும் சொல்ல மாட்டோம். உங்களிடம் இருக்கும் எங்கள் பழைய பில்லை எடுத்து, அதில் உள்ள போன் நம்பருக்கு நீங்கள் கூப்பிடுங்கள்." அவ்வளவுதான். கவனிச்சீங்களா, இதுல போன் நம்பரும் கிடையாது, லிங்க்கும் கிடையாது. போன் நம்பர போட்டா திருடன் அதே லெட்டர்ல அவன் நம்பர போட்டு சுத்த விடுவான், நம்ம கஸ்டமர் அவனுக்கே போன் பண்ணி "இது சரியா சார்"னு கேப்பாரு, அவனும் சரின்னு சொல்லுவான். பழைய பில்லு அவங்க ஃபைல்ல ரெண்டு வருஷமா கிடக்குது, அத எவனும் போய் மாத்த முடியாது.

நாங்களா போன் பண்ண மாட்டோம்னு ஏன் போட்டோம்னா, திரையில எங்க நம்பர் தெரியுற மாதிரி வேற ஒருத்தன் கூப்பிட முடியும், கஸ்டமரு போனை எடுக்கறப்ப பேசறது யாருன்னு அவருக்கு எப்படி தெரியும்? அவரே டயல் பண்ணா அது எங்க போனுக்குத்தான் வரும்.

அந்த மூணு மாசம்ங்கறது எல்லாத்தையும் விட முக்கியம்னு நான் நினைக்கிறேன். பழைய அக்கவுண்ட உடனே மூடிட்டா கஸ்டமருக்கு பதட்டம் வந்துரும், திருடன் எப்பவும் அந்த பதட்டத்துலதான் வேலை பாப்பான், இன்னைக்கே போடுங்க, லேட்டானா பணம் திரும்பிரும்னு. சந்தேகம் வந்தா பழைய அக்கவுண்ட்லயே போடலாம்னு ஒரு வழி இருந்தா அவனோட மிரட்டலுக்கு வேலையே இல்ல. அதுக்கு பழைய பேங்க்ல மினிமம் பேலன்ஸ் வைக்கணும், சித்தப்பாவுக்கு அது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு, வச்சாரு.

இப்ப கோயம்புத்தூர் பில்டரையே எடுத்துக்குவோம், ஆமா அதே ஆளுங்கதான், இன்னும் எங்ககிட்ட வாங்குறாங்க, அதுக்கு நான் என்னைக்கும் நன்றியோட இருப்பேன். அவங்களுக்கு கடுதாசிய மெயில்ல அனுப்புனதோட விடல, 1,200 சதுர அடி கல்லு ஏத்திக்கிட்டு போன லாரில டிரைவர் அண்ணன்கிட்ட கவர்ல குடுத்து விட்டோம். திருடன் எந்த லெட்டர வேணா போலியா அடிக்கலாம், ஒரு லோடு ஆத்தங்குடி கல்ல அனுப்ப முடியாதுல்ல. சரக்கோட வந்த காயிதம்ங்கறதால அது எங்ககிட்டேருந்துதான் வந்துச்சுன்னு தெரியும், அதுலயும் நம்பர் எழுதல. இங்க ஒரு தப்பு நடக்க இருந்துச்சு, சைட்ல இறக்குற மேஸ்திரி கவர வாங்கி வச்சுக்கிட்டாரு, பணம் போடுற அக்கவுண்டன்ட் அம்மாவுக்கு அது போகவே இல்ல. அதனால கவர் மேல "அக்கவுண்ட்ஸ் பார்வைக்கு"ன்னு எழுதி, போய் சேந்துச்சான்னு கேக்கறதையும் பழக்கமா வச்சுக்கிட்டோம்.

அந்தம்மா பழைய பில்லப் பாத்து போன் பண்ணாங்க. எங்க பக்கம் அந்த போன எடுக்கறது சித்தப்பா, இல்லன்னா நான், வேற யாரும் நம்பர் சொல்லக்கூடாது. டேபிள்ல லேமினேட் பண்ண ஒரு அட்டை இருக்கு, அதப் பாத்துதான் படிக்கணும், ஞாபகத்துலேருந்து கிடையாது. சில பேரு "எனக்கு ஒரு நம்பர் வந்திருக்கு, படிக்கிறேன், சரியான்னு மட்டும் சொல்லுங்க"ம்பாங்க, அங்கதான் ஆபத்து, வேலை மும்முரத்துல பாதி காதுல வாங்கிட்டு ஆமா ஆமான்னு சொல்லிருவோம். அதனால நாங்கதான் படிப்போம், அவங்க எழுதிக்கிட்டு திரும்ப படிச்சு காட்டணும். நம்பர் ஏற்கனவே வந்திருக்குன்னு ஒருத்தர் சொன்னாலே எங்களுக்கு மணி அடிச்ச மாதிரி, ஏன்னா நாங்க அனுப்பவே இல்லையே.

அப்புறம் அந்தம்மா 37 ரூபா போட்டாங்க. தொகைய அவங்க இஷ்டத்துக்கு வச்சுக்கலாம், எங்ககிட்ட முன்னாடி சொல்லக்கூடாது. மறுபடி அதே பழைய நம்பருக்கு கூப்பிட்டு "எவ்வளவு வந்திருக்கு"ன்னு கேட்டாங்க, நான் ஸ்டேட்மென்ட் பாத்து 37ன்னேன். காதுல தப்பா விழுந்து ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் இதுல தெரிஞ்சுரும். ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கோங்க, போன் தப்பான ஆளுக்கு போனா இந்த டெஸ்ட்டுக்கு மதிப்பே இல்ல, திருடனுக்கும் 37 ரூபா வந்தது தெரியும்தானே. எல்லாமே அந்த பழைய பில்லு நம்பர்ல தொங்குது. டெஸ்ட் முடிஞ்சதும் பெரிய தொகையை அதே சேவ் பண்ண பெனிஃபிஷியரிக்கு போடணும், மறுபடி டைப் பண்ணக்கூடாது.

இதெல்லாம் எதுக்கு, பணம் போடுறப்ப பேரு தெரியுமேன்னு கமென்ட்ல கேப்பீங்க. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ல ரொம்ப காலமா அக்கவுண்ட் நம்பர மட்டும் வச்சுதான் பணம் வரவாகும், நீங்க பேரு என்ன போட்டாலும் ஒத்துப் பாக்க மாட்டாங்க. 2025 ஏப்ரல் 1க்குள்ள பணம் போடுறதுக்கு முன்னாடியே அக்கவுண்ட்காரர் பேரை காட்டணும்னு ரிசர்வ் பேங்க் எல்லா பேங்குக்கும் சொல்லிருச்சு, ரொம்ப நல்ல விஷயம், கட்டாயம் பாருங்க. பேரு வேறயா இருந்தா அங்கயே நிறுத்திருங்க. ஆனா பேரு ஒத்துப்போச்சுன்னு மட்டும் நம்பிராதீங்க, "டைல்ஸ்", "டிரேடர்ஸ்"னு முடியுற பேருல கிட்டத்தட்ட ஒரே மாதிரி கரன்ட் அக்கவுண்ட் இன்னொருத்தனும் திறக்கலாம். ஜிஎஸ்டி சைட்ல தேடுனா கம்பெனி பேரும் அட்ரஸும் வரும், பேங்க் அக்கவுண்ட் வராது. கேன்சல்டு செக் போட்டோ எதுக்கும் சாட்சி கிடையாது, அத நான் என் கண்ணால பாத்துட்டேன்.

இன்னொண்ணு, ஆபீஸ் போன் நம்பரையும் அக்கவுண்டையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க. சித்தப்பா அதே மாசம் சிம் மாத்தலாம்னு இருந்தாரு, நான்தான் வேணாம்னேன். போனு மாறிட்டா கஸ்டமருக்கு சரிபாக்க பிடிமானமே இல்லாம போயிரும்.

மொத்தம் 43 கஸ்டமரு, ஒரு நோட்டுல பேரு, கூப்பிட்ட தேதி, டெஸ்ட் தொகைன்னு கோடு போட்டு எழுதுனேன். ரெண்டு மாசத்துல 38 பேரு முடிஞ்சுது. மிச்ச அஞ்சு பேருல நாலு பேரு பழைய அக்கவுண்ட்லயே போட்டுக்கிட்டு இருந்தாங்க, அடுத்த லோடு போறப்ப திரும்ப கவர் குடுத்து விட்டோம். அஞ்சாவது ஆள், மதுரைக்காரரு, ஒருநாள் கூப்பிட்டு "ஏங்க, நம்பர் அனுப்பிட்டீங்க போல, மெயில்ல வந்துச்சு"ன்னாரு. அவரு பணம் போடல, பழைய பில்ல பாத்துத்தான் கூப்பிட்டிருந்தாரு. அந்த மெயில வாங்கி அன்னைக்கே புகார்ல சேத்தோம், மிச்ச எல்லாருக்கும் நானே "ஒரு கள்ள மெயில் சுத்துது, பழைய பில்லு நம்பர்ல கூப்பிட்டு கேட்டுக்கோங்க"ன்னு மட்டும் அனுப்புனேன், அதுலயும் நம்பர் போடல.