கோவில் காம்பவுண்டில் கேரல் மாலை: முதலில் பாதை, பிறகு சேர், கடைசியில் அலங்காரம்

(திரையில்: இருட்டும் நேரம். கேட்டில் இருந்து கோவில் படி வரை காலியாக இருக்கும் காம்பவுண்டு.)

பெரும்பாலான சபைகளில் கிறிஸ்துமஸ் கேரல் மாலைக்கான வேலை சேரில் தொடங்கும். வேனில் சேர் வந்து இறங்கும், வரிசை போடுவார்கள், அதற்கு மேல் சீரியல் லைட் கட்டுவார்கள், மிச்சம் இருக்கும் இடம்தான் நடைபாதை. பகலில் இதில் ஒரு குறையும் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு இருநூறு பேர் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும்போதுதான், பாதை மரத்தின் வேர்மேல் போகிறது என்பது தெரியவரும்.

அதனால் இந்த வீடியோவில் வரிசையை மாற்றிக்கொள்கிறோம். பாதையை முடிவு செய்த பிறகுதான் சேர். சேர் போட்ட பிறகுதான் அலங்காரம்.

கணக்குக்கு ஒரு காம்பவுண்டை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பல ஊர்களில் பார்க்கக்கூடிய அமைப்பு: கோவில் வாசலுக்கு முன்னால் 80 அடி நீளம், 50 அடி அகலம். ஒரு முனையில் கோவில் படிகள், மறுமுனையில் ரோட்டுக் கேட். ஓரமாக ஒரு வேப்பமரம், தண்ணீர்க் குழாய், கோவிலுக்குப் பின்னால் கழிப்பறை.

(திரையில்: தரைப்படம். கேட், மரம், குழாய், கழிப்பறை குறிக்கப்படுகின்றன.)

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி ஏழு மணிக்கு, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, சபையில் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு கேட்டில் இருந்து நடந்து பாருங்கள். கையில் ஒரு சாக்பீஸ் இருக்கட்டும். அவர் கால் எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு வட்டம் போடுங்கள். நான்கு படி கொண்ட ஏற்றம் பெரிதாகத் தொந்தரவு தராது, அதைக் கண் தூரத்திலேயே பிடித்துவிடும். தடுக்குவது ஒற்றைப் படியும், ஒன்றிரண்டு அங்குல மேடுபள்ளமும்தான். வாய்க்கால் மூடிய சிலாப்பின் விளிம்பு, சிமெண்ட் தரை முடிந்து மண் தொடங்கும் இடம், குழாயடிப் பள்ளம் எல்லாம் அந்த வகை.

கேட்டையும் கவனியுங்கள். பெரிய கேட்டுக்குள் இருக்கும் சின்னக் கதவை மட்டும் திறந்து வைப்பது பல இடங்களில் வழக்கம். அந்தக் கதவின் அடியில் ஒரு இரும்புச் சட்டம் குறுக்கே ஓடும். சேலை கட்டியவர்களும் குழந்தையைத் தூக்கி வருபவர்களும் கீழே பார்க்க முடியாது, கால் அதில்தான் மாட்டும். பெரிய கேட்டை முழுதாகத் திறந்து, கதவுகளை ஓரத்தில் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

பாதை நேராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பத்தடி சுற்றிப் போனாலும் சமதரையாக இருப்பதே நல்ல பாதை. மரத்தின் வேருக்கும் குழாயடிக்கும் எதிர்ப் பக்கமாகக் கொண்டுபோங்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் எம்-சாண்ட் கொட்டித் தட்டிவிடுங்கள். அதன்மேல் தார்ப்பாய் விரிக்க வேண்டாம். ஈரத்தில் வழுக்கும், சுருங்கி மடியும், மடிப்பில் கால் தடுக்கும். மேட்டிங் விரிப்பதாக இருந்தால் நான்கு ஓரமும் ஆணியடித்து அல்லது டேப் ஒட்டித் தரையோடு இருக்க வேண்டும்.

ஆறடி அகலம் வையுங்கள். மக்கள் வரும்போது அரைமணி நேரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வருவார்கள், மூன்றடி பாதையே போதும் என்று தோன்றும். போகும்போது எல்லாரும் ஒன்றாகப் போவார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் அகலம் தேவை.

(திரையில்: பாதை ஓரமாக விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன.)

இப்போது பாதை விளக்கு. இந்தக் காணொளியில் மற்ற எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். பழகிய கண்ணை ஒரு பளிச் வெளிச்சம் சில நொடியில் கெடுத்துவிடும். கேட்டில் ஒரு போகஸ் லைட்டை உள்பக்கம் பார்த்துக் கட்டினால் காம்பவுண்டு நன்றாக வெளிச்சமாகத்தான் தெரியும். ஆனால் கேட்டை நோக்கி நடப்பவருக்கு விளக்கு மட்டும் தெரியும், தன் காலடி தெரியாது. முகத்துக்கு நேராகத் தொங்கும் லாந்தரும் இதையேதான் செய்யும்.

எனவே பாதை விளக்கு முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் வெளிச்சம் விழ வேண்டும், பல்பு கண்ணில் படக் கூடாது. செலவில்லாத வழி ஒன்று: வாய் அகன்ற பிளாஸ்டிக் ஜாடி எடுத்து, அடியில் இரண்டு அங்குலம் மணல் போட்டு, உள்ளே ரீசார்ஜ் செய்யும் சின்ன எல்.இ.டி. விளக்கை வையுங்கள். ஜாடியின் மேல்பாதியைப் பழுப்புக் காகிதத்தால் சுற்றுங்கள். வெளிச்சம் கீழ்ப்பாதி வழியாகத் தரையில் பரவும். மணல் காற்றில் சாயாமல் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி பாட்டில் அழகாக இருக்கும், ஆனால் ஒரு குழந்தை உதைத்தால் பாதை முழுக்கச் சில்லு. காகிதப் பை விளக்கு பனியில் நனைந்து துவண்டுவிடும்.

பட்டன் பேட்டரியில் மினுக்கும் சின்ன எல்.இ.டி. மெழுகுவர்த்தியைப் பாதைக்கு நம்ப வேண்டாம். அது மேசை அலங்காரத்துக்குச் சரி, தரையைக் காட்டாது.

விளக்குகளை ஆறடிக்கு ஒன்றாக, பாதையின் ஒரே பக்கத்தில் வையுங்கள். உள்ளே வரும்போது வலது கைப் பக்கம் விளக்கு என்றால் கடைசி வரை அதே பக்கம்தான். பக்கம் மாறி மாறி வைத்தால் இரண்டு விளக்குக்கு நடுவே நடப்பதா, சுற்றிப் போவதா என்று மக்கள் குழம்புவார்கள். திருப்பத்திலும் படியிலும் மூன்றடிக்கு ஒன்று. படியின் விளிம்பில் இரண்டு அங்குல வெள்ளை டேப்பும் ஒட்டுங்கள். கழிப்பறைப் பாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் மறப்பது அதைத்தான், காம்பவுண்டிலேயே அதிக இருட்டும் அங்கேதான்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கேட்டில் நின்று பாருங்கள். தரையில் வெளிச்ச வட்டங்கள் ஒன்றை ஒன்று தொட வேண்டும். நடுவே கறுப்பு இடைவெளி இருந்தால் விளக்கை நெருக்குங்கள். விளக்குதான் முதலில் கண்ணில் குத்துகிறது என்றால் காகிதத்தை இன்னும் கீழே இறக்குங்கள்.

இவை பேட்டரியில் எரிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கரண்ட் போனால் தொங்கும் லைட், மைக், கோவில் முகப்பு ஸ்டார் எல்லாம் ஒன்றாக அணையும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை பாதை மட்டுமாவது எரிய வேண்டும். முந்தின நாள் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஐந்து மணி நேரம் எரிய விட்டுச் சோதியுங்கள். மங்குவதைத் தனியே எடுத்து வையுங்கள்.

(திரையில்: மேலிருந்து பார்க்கும் சேர் அமைப்பு.)

இனி சேர். 50 அடி அகலத்தில் இரு ஓரமும் ஆறடி நடைபாதை, நடுவே ஐந்தடி. மிச்சத்தில் பக்கத்துக்குப் பதினாறரை அடி. கையுள்ள பிளாஸ்டிக் சேர் ஒன்றுக்கு இரண்டடி என்று வைத்தால் ஒரு பக்கம் எட்டு சேர். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் மூன்றடி. அதற்குக் குறைத்தால் ஒருவர் வெளியே போக வரிசையே எழுந்திருக்க வேண்டிவரும்.

பாடகர் குழுவைக் கோவில் படியிலேயே நிறுத்துங்கள். தனி மேடை வேண்டாம், பின்னால் நிற்பவர் முகமும் தெரியும். படிக்கு முன் ஐந்தடி காலி, பிறகு குழந்தைகளுக்கு ஆறடி ஜமுக்காளம், அதன்பின் நாலடி நடை. அடுத்து ஆறு வரிசை, ஆறடி அகலத்தில் ஒரு குறுக்கு நடை, மறுபடி ஆறு வரிசை. ஆக 192 சேர். பின்னால் 23 அடி மிஞ்சும். நிற்பவர்களுக்கும் டீ, கேக் மேசைக்கும் அது போதும்.

சக்கர நாற்காலிக்கு இடம் குறுக்கு நடையை ஒட்டிய வரிசை முனையில். அங்கே பக்கத்துக்கு இரண்டு சேரை எடுத்துவிடுங்கள். முன்வரிசையில் வைத்தால் நடுவில் வெளியே போக வேண்டும் என்றால் எல்லார் பார்வையும் அவர்மேல் விழும். வயதானவர்களுக்கு ஓரச் சேர் கொடுங்கள், ஆனால் ஸ்பீக்கருக்கு நேரே வேண்டாம்.

நான்கு நான்கு சேராகப் பின்காலைச் சணல் கயிற்றால் கட்டுங்கள். மக்கள் அவசரமாக எழுந்தாலும் சேர் சரிந்து நடைபாதையில் விழாது. கயிற்று நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிடுங்கள். நடு நடையில் தரையில் விளக்கு வைத்தால் உதைபடும். மூன்று வரிசைக்கு ஒரு முறை, ஓரச் சேரின் இருக்கைக்கு அடியில் கட்டித் தொங்க விடுங்கள்.

(திரையில்: சேருக்கு மேலே தொங்கும் லைட் வரிசை, ஸ்விட்ச் போர்டு.)

சேருக்கு மேலே மஞ்சள் வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புகள், பத்தடி உயரத்தில். நாற்பது பல்புக்கு 360 வாட்தான், கரண்ட் சுமை பெரிதல்ல. ஆபத்து இணைப்பில் இருக்கிறது. ஈரத் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் டேப் சுற்றிய ஒட்டு வயரும்தான் ஷாக் அடிக்கும். பாக்ஸ் தரையில் இருந்து உயரத்தில், மழை படாத இடத்தில் இருக்கட்டும். லைன் முழுவதும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக வர வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் அதன் டெஸ்ட் பட்டனை உங்கள் கண் முன்னால் அழுத்தச் சொல்லுங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும். வயர் நடைபாதையைக் கடப்பதாக இருந்தால் தலைக்கு மேலே கொண்டுபோங்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டுத்தாளை மடியில் வைத்துப் படித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் பல்பைக் கூட்டுவதற்கு முன் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

மெழுகுவர்த்தி ஏற்றும் பாடலுக்கு வருவோம். எரியும் திரி நிமிர்ந்தே இருக்கட்டும், எரியாத திரிதான் சாய்ந்து நெருப்பை வாங்க வேண்டும். மாற்றிச் செய்தால் சூடான மெழுகு பக்கத்தில் இருப்பவர் கையில் விழும். மெழுகுவர்த்தியைக் காகிதக் கப்பின் அடியில் துளையிட்டுச் செருகிக் கொடுங்கள். ஜமுக்காளத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு எல்.இ.டி. மெழுகுவர்த்தி மட்டும். முன்வரிசைத் தலையும் துப்பட்டாவும் பின்வரிசைக் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால், நடைபாதை முனைகளில் நான்கு வாளி மணலும் தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும்.

பாடல் முடிந்ததும் ஸ்விட்ச் போர்டில் நிற்பவர் மேல் லைட்டைப் போட்டு ஒரு நிமிடம் காத்திருக்கட்டும். கண் பழகிய பிறகு ஆசீர்வாதம், அதன் பிறகு எழுந்திருப்பது. அதற்குள் தொண்டர்கள் கேட், குறுக்கு நடை, கழிப்பறைத் திருப்பம் ஆகிய இடங்களுக்குப் போயிருக்க வேண்டும். டார்ச் எப்போதும் தரையைப் பார்த்து. பைக், காரை காம்பவுண்டுக்குள் விட வேண்டாம். அந்த ஹெட்லைட் ஒன்றே மொத்தப் பாதையின் வேலையையும் கெடுத்துவிடும்.

மழை வருமா என்ற முடிவைச் சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துவிடுங்கள். ஆறு மணிக்கு மேல் இருட்டிவிடும். அதற்குப் பிறகு சேரை உள்ளே மாற்றினால், ஆட்கள் இருட்டில் சேரைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டிவரும். ஆராதனை கோவிலுக்குள் மாறினாலும் பாதை விளக்குகள் வெளியேதான் இருக்க வேண்டும், ஜாடி வாய்க்கு ஒரு மூடி போட்டால் போதும்.