ஒரு லிட்டர் பெயின்ட் எத்தனை சதுர அடிக்கு வரும்?

வணக்கம் நேயர்களே. வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்று நாம் இன்றும் பேச்சுவழக்கில் சொன்னாலும், சுண்ணாம்பு அடித்த காலம் பெரும்பாலும் போய், எமல்ஷன் பெயின்டை லிட்டர் கணக்கில் வாங்குகிறோம். எத்தனை லிட்டர் வாங்குவது என்பதைப் பெயின்டரின் கண்மதிப்புக்கு விட்டுவிடாமல் நாமே கணக்கிடும் முறையை, ஒரே ஓர் அறையை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

அறையின் நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. அதை உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி வருகிறது. மூன்றுக்கு ஏழு அடியில் ஒரு கதவும், நான்குக்கு நான்கு அடியில் ஒரு ஜன்னலும் இருப்பதால் 37 சதுர அடியைக் கழித்துவிட வேண்டும், மீதி 403. மேற்கூரை 120 சதுர அடி. குறுக்கே 10 அடி நீளத்தில் ஓர் அடி இறங்கிய பீம் ஓடினால், அதன் இரு பக்கங்களுக்கும் சேர்த்து இன்னும் 20 சதுர அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பீமின் அடிப்பக்கம் மேற்கூரையின் 120 சதுர அடிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இதுவரை யாரும் தவறுவதில்லை. தவறு நேர்வது டின்னின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்கும்போதுதான். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்பதைச் சில டின்களில் ஒரு கோட் அடிப்பதற்கும், சிலவற்றில் இரண்டு கோட் அடிப்பதற்கும் போடுகிறார்கள். இரண்டு கோட்டுக்கு 100 முதல் 120 வரை என்று போட்டிருப்பதாக வைத்துக்கொண்டு நடுவான 110ஐ எடுத்தால், சுவர்களின் 403ஐ 110ஆல் வகுக்க 3.66 லிட்டர் வருகிறது. நான்கு லிட்டர் டின் ஒன்று போதும். அதே பெயின்டின் டின்னில் ஒரு கோட்டுக்கு 220 என்று இருந்து, கோட்டைக் கவனிக்காமல் வகுத்தால் இரண்டு லிட்டருக்குக் குறைவாகவே விடை வரும். வேலை பாதியில் நிற்கும். இரண்டு கோட்டுக்கான எண் என்று தெரியாமல் மறுபடி இரண்டால் பெருக்கியவர் வீட்டில் மூன்று லிட்டருக்கு மேல் மிஞ்சிக் கிடக்கும். அடர்ந்த நிறத்தின்மேல் வெளிர் நிறம் அடிக்கப் பெரும்பாலும் மூன்றாவது கோட் தேவைப்படும் என்பதால், அப்போது ஒன்றரை மடங்காக, ஐந்தரை லிட்டராகக் கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இந்த எண் டின்னில் இருக்கும் பெயின்டைக் குறிப்பது. பெயின்டர் சேர்க்கும் தண்ணீரைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அளவுக்கு மேல் தண்ணீர் கலந்தால் ஒரு லிட்டர் நிறையச் சுவரை நனைத்தது போலத் தெரியும். ஆனால் உலர்ந்தபின் அடியிலிருப்பது தெரிவதால், மிச்சப்பட்டதாக நினைத்ததை மூன்றாவது கோட் வாங்கிக்கொள்ளும்.

டின் சொல்லும் எண் வழவழப்பான சுவருக்கானது. நம் சுவர் அப்படித்தானா என்பதை முதல் லிட்டரே காட்டிவிடும். முதல் கோட்டுக்கு ஒரு லிட்டரைத் தனியாக அளந்து எடுத்து, எங்கே தீர்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பட்டி பார்த்துப் பிரைமரைச் சரியாக அடிக்காத ஒரு வீட்டில், 12 அடிச் சுவரை முடித்துவிட்டு அடுத்த சுவரில் நான்கு அடி போனதும் அந்த லிட்டர் தீர்ந்தது. அதாவது 220 வரவேண்டிய இடத்தில் 160தான் வந்தது. சுவர் பெயின்டை உறிஞ்சுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். உறிஞ்சியது முதல் கோட்டோடு அடங்கி, இரண்டாவது கோட் ஏறக்குறைய டின்னின் கணக்குப்படியே போகும். எனவே முதல் கோட்டுக்கு இரண்டரை லிட்டர், இரண்டாவதற்கு 1.83 லிட்டர், ஆக 4.33 லிட்டர் தேவை. கையில் இருப்பது நான்கு.

கால் லிட்டருக்குச் சற்று அதிகம்தானே என்று விட்டுவிடக் கூடாது. மெஷினில் கலந்து வாங்கிய நிறத்தை மறுபடி கலக்கும்போது மயிரிழை வேறுபடலாம். என் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவரின் நடுவில் அப்படி நிறம் மாறிய இடம் ஒரு கோடாக மூன்று ஆண்டுகள் தெரிந்தது. வெள்ளை என்றால் அந்தக் கவலை குறைவு. மேற்கூரைக்கு 140ஐ 110ஆல் வகுத்து வரும் 1.27 லிட்டருக்கு இரண்டு ஒரு லிட்டர் டின்கள் வாங்கினால் போதும்.

சுவருக்கோ, முதல் கோட் முடிந்ததும் வேலையை நிறுத்தி, இன்னொரு லிட்டரை அதே நிற எண்ணைச் சொல்லிக் கலந்து வாங்கி, மீதமிருக்கும் ஒன்றரை லிட்டரோடு ஒரே வாளியில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட வேண்டும். அந்த இரண்டரை லிட்டரிலிருந்தே நான்கு சுவர்களுக்கும் இரண்டாவது கோட் அடித்தால், கண்ணுக்குத் தெரிகிற மேல் கோட் முழுவதும் ஒரே நிறமாக அமைந்துவிடும்.