தாருக்கும் மண்ணுக்கும் ஒரே டயர்: சூடான டயரில் காற்றை இறக்கியதால் கிழிந்த டியூப்

வணக்கம். என் கையில் இருப்பது என் வண்டியின் முன்சக்கர டியூப். கேமராவுக்கு அருகே கொண்டுவருகிறேன், பாருங்கள்: விரற்கடை இடைவெளியில் இரண்டு கீறல்கள் பக்கவாட்டில் இணையாக ஓடுகின்றன. ஆணி குத்தினால் ஒற்றைத் துளைதான் விழும். இப்படி இரட்டைக் கீறல் விழுந்திருந்தால், கல்லில் மோதிய வேகத்தில் டயர் முழுவதும் அமுங்கி, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது என்று பொருள். சுருங்கச் சொன்னால், டயரில் காற்று போதவில்லை.

முன்னால் 21 அங்குலமும் பின்னால் 17 அங்குலமும் கொண்ட ஸ்போக் சக்கரங்களில் நான் ஓட்டுவது பாதித் தார், பாதி மண் என்று சொல்லி விற்கப்படும் பட்டன் டயர். தார்ச்சாலையில் முன்னே 26, பின்னே 32 பிஎஸ்ஐ வைத்திருப்பேன். மண் பாதையில் இரண்டையும் இறக்குவேன், முன்னே 18 வரை. காற்று குறைந்தால் டயர் தரையில் படியும் நீளம் கூடுகிறது, பட்டன்கள் சரளையின் மேல் துள்ளாமல் அதை அணைத்துக்கொண்டு உருளுகின்றன. ஆனால் ரிம்மைக் காக்கும் காற்று மெத்தையும் அதே அளவுக்கு மெலிந்துவிடுகிறது.

தவறு என்னுடையதுதான். ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு மே மாத வெயிலில் தார்ச்சாலை வழியாக வந்து சேர்ந்தவுடன், அளவுமானியைப் பார்த்துக்கொண்டே முன்சக்கரத்தை 18-க்கு இறக்கிவிட்டு, அங்கேயே தங்கி, மறுநாள் விடியற்காலையில் மண் பாதையில் இறங்கினேன். சூடான டயரில் பார்த்த 18, ஆறிய டயரில் 18 ஆகாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மானி காட்டுவது வெளிக்காற்றழுத்தத்துக்கு மேலுள்ள அளவு மட்டுமே என்பதால், அந்த அழுத்தமான 14.7-ஐயும் சேர்த்தால் உள்ளே இருந்தது 32.7. டயருக்குள் வெப்பம் 60 டிகிரி என்றும் விடியற்காலையில் 25 டிகிரி என்றும் கொண்டால், கெல்வினில் அவை 333, 298. 32.7-ஐ 298-ஆல் பெருக்கி 333-ஆல் வகுத்தால் 29.3 வருகிறது, அதில் 14.7-ஐக் கழித்தால் மானியில் மிஞ்சுவது ஏறத்தாழ 14.6. நான் 18 இருப்பதாக நம்பி, 14.6-இல் பாறைகளின் மேல் ஏறியிருக்கிறேன். அன்று மாலையே இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் 21, 22 அளவில் நிறுத்தியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்புதான் மானியை எடுக்கிறேன்.

காற்று அளவுக்கு மீறிக் குறைந்ததற்கு வால்விலும் ஓர் அடையாளம் உண்டு. டயர் ரிம்மைப் பிடிக்காமல் வழுக்கினால் டியூபையும் இழுத்துக்கொண்டு போகும், நேராக நின்ற வால்வுக் காம்பு சாயத் தொடங்கும். அதன் அடியிலுள்ள நட்டை ரிம்மோடு இறுக்கிவிட்டால் சாய்வு தெரியாமலே காம்பு வேரோடு பிய்ந்துவிடக்கூடும். ஆகவே நான் அந்த நட்டை மூடியை ஒட்டி மேலே ஏற்றி வைத்திருக்கிறேன்.

இனி பட்டன்களுக்கு வருவோம். பாதிக்குப் பாதி என்பது ஒவ்வொரு நிறுவனமும் தன் டயருக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் அதன் பின்னால் இல்லை. அதனால் கடையில் அந்த எண்ணை விட்டுவிட்டு, பட்டன்களுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். இடைவெளி அகலமாக இருந்தால் சேறு சிக்காமல் உதிரும், ஆனால் மழையில் நனைந்த தாரின் மேல் பதியும் ரப்பர் குறைவதால் பிரேக் பிடித்து நிற்கக் கூடுதல் தூரம் ஓடும். உயரமான பட்டன்கள் தார் வளைவில் அடியிலிருந்து நெளிவதால், வண்டி சாய்ந்த பிறகும் இன்னும் சற்றுச் சாய்வது போலத் தோன்றும். இதற்குப் பழகிவிடலாம். மழையில் பிரேக் நழுவுவதற்கு மட்டும் நான் இன்னும் பழகவில்லை.

முன்டயரின் பட்டன்கள் மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் தடவினால் ரம்பப் பல்லைப் போலவும் படும். தாரில் பிரேக் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு பட்டனும் ஒரு விளிம்பில் மட்டும் தேய்வதன் விளைவு இது. குறைந்த காற்றோடு தாரில் ஓட்டினால் பட்டன்கள் இன்னும் அதிகமாக நெளிந்து, இந்தத் தேய்மானம் விரைவாகும்.

எனவே அடுத்த முறை முன்னும் பின்னும் ஒரே ரகம் போடப்போவதில்லை. எஞ்சினின் இழுவையைத் தாங்கும் பின்டயர் தாரில் வேகமாகக் கரைவதால், அங்கே நெருக்கமான பட்டன் போதும். மண்ணில் பின்சக்கரம் வழுக்கினாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க அவகாசமே கிடைக்காது, ஆகையால் அகல இடைவெளி கொண்ட டயரை அங்கே வைத்துக்கொள்கிறேன்.

மண் பாதை முடிந்து தாரில் ஏறும் இடத்திலேயே பம்பை எடுத்துவிடுகிறேன். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று 18-இல் வேகம் எடுத்தால், பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி மடங்கி விரிந்து டயர் கொதிக்கும். அதிலும் ஒரு சிக்கல்: மண்ணில் ஓடிய டயரும் சூடாகத்தான் இருக்கும் என்பதால், அப்போது மானி காட்டும் 26 போதாது. 28 வரை ஏற்றிக்கொண்டு, மறுநாள் காலையில் டயர் ஆறிய பிறகு சரிசெய்கிறேன்.