குளத்து நாட்டுப் பெண்ணுக்கு ஒரு பெயர்

(திரையில்: இரணைமடுக் குளக்கட்டு, மாலை வெளிச்சம்.)

வணக்கம். என் மாயக் கதையின் நாயகிக்கு முதலில் 'டகாரியா' என்று பெயர் வைத்தேன். அத்தியாயத்தை மச்சாளிடம் வாசிக்கக் கொடுத்தேன். என் மனதில் இருந்தது டமாரத்தில் வரும் ட. அவள் வாசித்தது டிக்கெட்டில் வரும் ட. (நாங்கள் 'ரிக்கெற்' என்றும் எழுதுவோம். அது வேறு சண்டை.) ஒரே பெயர், இரண்டு பெண்கள்.

தமிழ் எழுத்தில் வல்லினம் வன்மையா மென்மையா என்பதை அது நிற்கும் இடம்தான் சொல்லும். 'பட்டு' என்று இரட்டித்தால் வன்மை. 'வண்டு' என்று மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் மென்மை. 'மடு' என்று இரண்டு உயிருக்கு நடுவில் வந்தாலும் மென்மைதான். தமிழ்ச் சொல் ட-வில் தொடங்காது. அதனால் அங்கே வாசிப்பவருக்குப் பிடிமானம் இல்லை. பழகிய இடத்தில் ஒலியை வைத்தால் எல்லாரும் ஒரே மாதிரி வாசிப்பார்கள்.

(திரையில்: வன்னி வரைபடம். ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.)

சரி, அவள் ஊரின் ஒலியை எங்கே பிடிப்பது? இந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒட்டுசுட்டான். மாங்குளம். முத்தையன்கட்டு. நெடுங்கேணி. இரணைமடு. நாக்கு மடங்கி மேலண்ணத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது: ட, ண, ள. இதையே என் குளத்து நாட்டுக்கு விதியாக வைத்தேன். முடிவுக்கு இன்னொரு விதி. எங்கள் காட்டு மரங்களைப் பாருங்கள்: பாலை, வீரை, முதிரை. எல்லாம் ஐ-யில் முடிகின்றன. குளத்து நாட்டில் பெண்கள் பெயரும் அப்படியே முடியட்டும்.

எதிர்க்கரையில் கடலோடிகள். அவர்கள் பேச்சில் ட, ண, ள கிடையவே கிடையாது. ஸ, ஷ தாராளமாக உண்டு. ஒரு கரையின் பெயர்கள் மட்டும் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. 'ஷலீரா', 'ஸமோரி' என்று நாலு பேர் வந்து பக்கத்தில் நின்றால்தான் நம்மவள் எந்தக் கரை என்பது காதில் விழும்.

இப்போது குணம். அவள் குளத்து நீரை வெளியே விடும் துருசைத் திறப்பவள். பொறுமைசாலி, ஆனால் அசைக்க முடியாத பிடிவாதம். 1929-இல் வொல்ஃப்காங் கோலர் என்ற உளவியலாளர் கூரான உருவம் ஒன்றையும் வளைவான உருவம் ஒன்றையும் காட்டி, எது 'தகேத்தே', எது 'பலூபா' என்று கேட்டார். கூரானதைத்தான் பெரும்பாலோர் தகேத்தே என்றார்கள். அது உருவத்தைப் பற்றிய சோதனை, குணத்தைப் பற்றியது அல்ல. அதனால் நான் அதை மெல்லிய சாடையாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரட்டித்த வல்லினம் முன்கோபியான அவள் தம்பிக்கு: 'கட்டக்கன்'. அவளுக்கு ஒரே ஒரு வல்லினம், அதுவும் மென்மையாக ஒலிக்கும் இடத்தில்.

(திரையில்: கொப்பியில் எழுதி அடித்த பெயர்கள்.)

முதலில் 'மண்டுவை' என்று எழுதினேன். மச்சாள் சிரித்துவிட்டாள். "மண்டுவா?" போச்சு. அடுத்தது 'கண்டுவை'. அதைக் கண்டு வை, இதைக் கண்டு வை என்று ஏவல் போலப் பிரிகிறது. புதுப் பெயரை நடுவில் உடைத்துப் பார்க்காவிட்டால் வாசகர் உடைத்துவிடுவார்.

மூன்றாவதுதான் நின்றது: மடுவணை. உடைத்தாலும் மடு, அணை என்றுதான் வரும். ஆழமான நீரும் அதை மறிப்பதும். அவளுக்குப் பொருந்துகிறது.

அப்புறம் வேற்றுமை உருபு போட்டுப் பார்த்தேன். மடுவணையை, மடுவணைக்கு, மடுவணையின். உருவம் கெடவில்லை. 'வேலகம்' என்று வைத்திருந்தால் 'வேலகத்தை', 'வேலகத்துக்கு' என்று ஆகி, ஆளைப் பற்றிப் பேசுகிறோமா இடத்தைப் பற்றிப் பேசுகிறோமா என்று குழம்பும். நாடு நாட்டை ஆவதுபோல, 'டு'வில் முடியும் பெயர்கள் பலவும் இரட்டித்துக்கொள்ளும். நாவலில் ஒரு பெயர் ஆயிரம் தடவை வரும், அதில் பாதி உருபோடுதான் வரும்.

கடைசியாகக் குளக்கட்டில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஐ-யில் முடிவது விளியில் 'ஆய்' ஆகும், அன்னை அன்னாய் ஆவதுபோல. "மடுவணாய்!" கடைசி அசை நீண்டு வான் கதவு வரை போனது. மீன் வாங்க வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

(திரையில்: கடலோடியின் கப்பல், கரையில் அவள்.)

ஐந்தாம் அத்தியாயத்தில் கடலோடித் தலைவன் முதன்முறை அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறான். ட வராது, ண வராது. "வருக, மதுவனை." கள்ளுத் தோப்பு என்று காதில் விழுகிறது. தம்பி கத்தியில் கை வைக்கிறான். அவள் அசையாமல் நின்று, நாக்கை மடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.