பக்கீர் ஏறிய கப்பல் யாருடைய வழியில் போனது?

தலைப்பு: தீவுத் துறைமுகங்களுக்கு இஸ்லாத்தைக் கொண்டு சேர்த்தவர் அறிஞரா, வணிகரா?

எதிரணி அம்மா சொன்னது: "துணி விற்கப் போனவனா தீன் சொன்னான்? சுமத்ராவில் கல்லறைக் கல்கூட குஜராத்திலிருந்துதான் வந்தது. உங்கள் தமிழ் வியாபாரி ஒரு கல்லாவது கொடுத்தானா?"

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். வணிகரே என்று பேச வந்திருக்கிறேன். எட்டு நிமிடம்தான், நேரே கப்பலுக்குப் போவோம்.

அம்மா சுமத்ராவின் சமுத்ரா-பாசாய் துறைமுக அரசின் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள். பாதியில் விட்டுவிட்டார்கள், மீதியை நான் சொல்கிறேன். மலாய் அரசர்களின் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்லும் கதை இது. சமுத்ரா என்ற நாட்டைத் தேடி மக்காவிலிருந்து ஷேக் இஸ்மாயில் கப்பலேறுகிறார். வழியில் மாபாரில் நிற்கிறார். மாபார் எது? நம் சோழமண்டலக் கரை, காயல்பட்டினம் இருக்கிற கரை. அங்கே ஆண்ட சுல்தான் முஹம்மது பட்டத்தை மகனிடம் விட்டுவிட்டு, பக்கீர் உடுப்போடு அதே கப்பலில் ஏறுகிறார்.

கப்பல் முதலில் பன்சூர் போகிறது. ஊரார் கலிமா சொல்கிறார்கள். பக்கீர் குர்ஆனை நீட்டுகிறார், ஒருவருக்கும் ஓத வரவில்லை. "இது அந்த ஊர் இல்லை" என்கிறார். அடுத்து லாமுரி. கலிமா ஆயிற்று, குர்ஆன் ஆகவில்லை. "இதுவும் இல்லை." அடுத்து ஹாரு. அதே நீட்டல், அதே உதட்டுப் பிதுக்கல். பக்கீர் பொறுமை இழந்து, "ஐயா, சமுத்ரா எங்கேதான் இருக்கிறது?" என்று கேட்கிறார். ஹாருக்காரர்கள் சொல்கிறார்கள்: "அதைத் தாண்டி வந்துவிட்டீர்களே!"

(சிரிப்பு)

சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. கப்பலைத் திருப்பி, பெர்லாக்கில் நின்று, சமுத்ராவில் இறங்குகிறார். கரையில் ஒருவர் சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்கிறார். "இது என்ன ஊர்?" "சமுத்ரா." "தலைவர் யார்?" "நான்தான்!" மேரா சிலு. அன்றிரவு கனவில் நபிகள் நாயகம் அவர் வாயில் உமிழ்கிறார்கள். விடிந்ததும் குர்ஆனின் முப்பது ஜுஸ்உவும் ஓதுகிறார். அவர்தான் சுல்தான் மாலிக்குஸ் சாலிஹ். அவர் கல்லறையில் ஹிஜ்ரி 696, அதாவது 1297.

பார்த்தீர்களா, அறிஞர்தானே கொண்டு போனார் என்பார்கள் அம்மா. ஒரு மறுப்பும் முந்திக்கொண்டு வரும்: 1297இல் மாபாரில் சுல்தான் ஏது, மாறவர்மன் குலசேகர பாண்டியன் அல்லவா ஆண்டான், மதுரை சுல்தான்கள் 1335க்குப் பிறகுதானே? சரிதான். பின்னால் எழுதியவர் ராஜாவைத் தவறாக வைத்தார். ஆனால் துறைமுகங்களைத் தவறாக வைக்கவில்லை. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். பன்சூர் என்பது மேற்குக் கரையின் பாரூஸ், கற்பூரம் ஏற்றும் துறை. லாமுரி என்பது சுமத்ராவின் வடமுனை. முனையைச் சுற்றிக் கிழக்குக் கரையில் இறங்கினால் முதலில் சமுத்ரா, அப்புறம் பெர்லாக், அதற்கும் தெற்கே ஹாரு. ஹாருவில் நின்றவனுக்கு உண்மையிலேயே சமுத்ரா பின்னால்தான் இருக்கிறது! வழிதவறிய பக்கீரின் கதையில்கூட வழி தவறவில்லை. அது வியாபாரக் கப்பல்கள் சாமான் ஏற்றிய வரிசை.

அந்த பாரூஸில் 1088இல் நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழில் கல்வெட்டு பொறித்திருக்கிறது. மேரா சிலு சிப்பி பொறுக்குவதற்கு இருநூறு வருடம் முன்னால்! மூன்றாவது வரிசை அண்ணன், "அப்ப ராஜேந்திர சோழனா இஸ்லாத்தைக் கொண்டு போனான்?" என்கிறார். இல்லை அண்ணே, அது 1025, அது படையெடுப்பு. நான் சொல்வது அந்தப் படை திரும்பின பிறகும் போய்வந்துகொண்டே இருந்தவர்களை. அவர்கள் அப்போது முஸ்லிம்களும் இல்லை. பாதை அவர்களுடையது, அவ்வளவுதான். பின்னாளில் அதே பாதையில் தமிழ் முஸ்லிம்களும் போனார்கள், பக்கீரும் போனார்.

எங்கள் அணித் தம்பி முதல் சுற்றில், வணிகரே குர்ஆன் சொல்லிக்கொடுத்தார் என்றான். அது கொஞ்சம் அதிகம், தம்பி. சட்டம் சொல்ல ஆலிம் வேண்டும். 1345 வாக்கில் இப்னு பதூதா போனபோது சமுத்ரா சுல்தான் ஷாஃபி என்ற மார்க்கச் சட்ட வழியைப் பின்பற்றும் மத்ஹபுக்காரர், ஆலிம்களை உட்காரவைத்து விவாதிப்பவர். நம் காயல்பட்டினமும் கீழக்கரையும் ஷாஃபிதான். ஆனால் ஏமனும் ஷாஃபி, ஆகவே இதை மட்டும் வைத்து நான் வென்றேன் என்று சொல்லமாட்டேன்.

1292இல் அங்கே போன மார்க்கோ போலோ என்ன சொல்கிறார்? பெர்லாக்கில் நகரத்து ஆட்கள், அடிக்கடி வந்துபோகும் முஸ்லிம் வணிகரால் மதம் மாறினார்கள், மலைக்காரர்கள் மாறவில்லை. பெயர் சொல்லியே "வணிகரால்" என்கிறார். ஏன் நகரம் மட்டும்? காற்று மாறுகிற வரை வியாபாரி துறையில்தான் உட்கார்ந்திருப்பான். போலோவே காற்றுக்காகச் சுமத்ராவில் ஐந்து மாதம் கிடந்தார். ஐந்து மாதம் தங்குகிறவனுக்குப் பள்ளிவாசல் வேண்டும், கலியாணம் வேண்டும், ஜனாஸா தொழுவிக்க ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் அடுத்த கப்பலில் அழைத்து வந்தான்.

இப்போது அந்தக் கல். அம்மா, குஜராத்தின் காம்பே சலவைக்கல் என்று எதைக் காட்டினீர்கள்? ஜாவாவின் கிரெசிக்கில் மாலிக் இப்ராஹீம் கல்லறை, 1419. பாசாயில் அரசி நஹ்ராசியா கல்லறை, 1428. மாலிக்குஸ் சாலிஹ் போய்ச் சேர்ந்து நூற்றிருபது, நூற்றுமுப்பது வருடத்துக்குப் பிறகு! அதற்குள் நான்கு தலைமுறை தொழுதாயிற்று. அது நல்ல கல் வாங்க வசதி வந்த காலம். கல் எந்தக் கடையில் வாங்கினார்கள் என்பது கலிமா யார் சொன்னார்கள் என்பதற்குச் சாட்சியா? குஜராத்திகள் பெரிய கை என்பதை நான் மறுக்கவில்லை. மலாக்காவில் துறைமுக அதிகாரிகளான நான்கு ஷாபந்தர்களில் ஒருவர் அவர்களுக்கு மட்டும் என்று போர்த்துக்கீசியர் தோமே பிரேஸ் எழுதுகிறார். நம் கரையார் வங்காளம், பெகு, பாசாய்க்காரர்களோடு ஒருவரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இருக்கட்டும் அம்மா, குஜராத்தியும் வணிகன்தானே? நீங்கள் கல்லை எறிந்தது எங்கள் அணியின் வீட்டுக்குள்!

(கைதட்டல்)

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். மணி புரிந்தான். மலாய்க்காரர் கெலிங் என்று சொல்லும் நம் பக்கத்து நாட்டின் பஹிலியிலிருந்து ஏழு கப்பலோடு மலாக்காவுக்குக் கிளம்பியவர். புயலில் கப்பல்கள் போயின. அலு-அலு மீனின் முதுகில் விழுந்து கரை சேர்ந்தார் என்கிறது அதே செஜாரா மெலாயு. நாம் சீலா என்கிற மீன். நன்றி மறக்காமல், என் வழி வந்தவர் யாரும் அந்த மீனைத் தின்னக் கூடாது என்றார். இளவரசர், வணிகர் இல்லை என்பார்கள் எதிரணியார். ஏழு கப்பல் வைத்திருந்தவரை நான் விடுவதாக இல்லை.

அவர் மகள் துன் வாத்தி மலாக்கா சுல்தானை மணந்தாள். பேரன் முஸஃபர் ஷா பட்டமேறினான். மகன் வழிப் பேரன் துன் முதாஹிர் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர் ஆனார். 1510இல் சுல்தான் மஹ்மூது, கோள் கேட்டு அவரைக் கொல்லச் சொன்னார். முதாஹிரின் ஆட்கள் கத்தியெடுத்தார்கள். வேண்டாம், துரோகம் நம் வழக்கமில்லை என்று தடுத்துக் கழுத்தைக் கொடுத்தார். புருஷனையும் தகப்பனையும் ஒரே நாளில் இழந்த அவர் மகள் துன் ஃபாத்திமாவைச் சுல்தானே கட்டிக்கொண்டார். அரண்மனையில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அடுத்த வருடம் போர்த்துக்கீசியர் வந்து மலாக்காவைப் பிடித்தார்கள். அவள் பெற்ற மகன் அலாவுதீன்தான் ஜொகூரின் முதல் சுல்தான்.

எந்த ஆலிமும் போய்ச் சேர்க்காத இடத்தில் அந்தப் பெண் தன் பிள்ளைக்கு பிஸ்மி சொல்லிக்கொடுத்திருப்பாள், ஐயா. இதற்கு அம்மா என்ன பதில் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.