சதுர அடி 1,950 ரூபாய் சொன்னவர்தான் மூன்று பேரில் அதிகம் கேட்டவர்! | கொட்டேஷனை வரிவரியாகப் படிப்பது எப்படி?

[திரையில் மூன்று எண்கள் மட்டும்: 1,950 – 2,150 – 2,350]

வணக்கம் நண்பர்களே. திரையில் தெரிகிற மூன்றும், ஒரே வீட்டுக்கு மூன்று கான்ட்ராக்டர்கள் சதுர அடிக்குச் சொன்ன ரேட். உங்களிடம் கொடுத்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதல் ஆளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் கணக்கை முழுசாகப் போட்டு முடிக்கும்போது அவர்தான் மற்ற இருவரைவிட இரண்டு லட்சத்துக்கும் மேல் அதிகம் கேட்டிருப்பார். எப்படி என்று பார்க்கலாம்.

கணக்குக்காக, காரிமங்கலம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தரைத்தளம் மட்டும், 1,000 சதுர அடி. முன்னால் 120 சதுர அடியில் போர்ட்டிகோ, மாடிப்படிக்கு மேல் 100 சதுர அடியில் ஹெட்ரூம், பின்னால் 80 சதுர அடியில் துணி துவைக்கிற இடம். மூன்று பேரும் மெட்டீரியலோடு சேர்த்துத்தான் ரேட் சொல்லியிருக்கிறார்கள். ரேட்டெல்லாம் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் ஊரில் இன்றைக்கு என்ன ரேட்டோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடுகிற முறை இதேதான்.

இப்போது, ரேட்டைத் தொடாமல், அதை எதால் பெருக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கொட்டேஷனில் இந்த ஒரு வரியைத்தான் யாரும் படிப்பதில்லை.

1,950 சொன்னவர் எல்லா இடத்துக்கும் முழு ரேட் போட்டிருக்கிறார். வீடு 1,000, போர்ட்டிகோ 120, ஹெட்ரூம் 100, துவைக்கிற இடம் 80. மொத்தம் 1,300 சதுர அடி. பெருக்கினால் 25,35,000 ரூபாய். போர்ட்டிகோவுக்கு மூன்று பக்கம் சுவரே கிடையாது. துவைக்கிற இடத்துக்குக் கூரையே கிடையாது, ஒரு சிமெண்ட் தரையும் துவைக்கிற கல்லும்தான். அதற்கும் பெட்ரூமுக்குப் போடுகிற அதே ரேட்!

2,150 சொன்னவர் போர்ட்டிகோவையும் ஹெட்ரூமையும் பாதியாக எடுத்திருக்கிறார். 1,000, அப்புறம் 60, அப்புறம் 50. ஆக 1,110 சதுர அடி. பெருக்கினால் 23,86,500. துவைக்கிற இடத்துக்குத் தனியாக 20,000 என்று ஒரே தொகையாகப் போட்டிருக்கிறார். மொத்தம் 24,06,500.

2,350 சொன்னவரும் அதே 1,110 சதுர அடிதான். 26,08,500. துவைக்கிற இடம் இதற்குள்ளேயே அடக்கம்.

பாருங்கள், 1,950 ரேட் இப்போதே 2,150 ரேட்டைத் தாண்டிவிட்டது. போர்ட்டிகோவைப் பாதியாக எடுப்பது நம் பக்கத்தில் பல பேரிடம் இருக்கிற வழக்கம், சட்டம் ஒன்றும் இல்லை. அதனால் முழுசாகப் போட்டவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவருடைய 1,950-ஐ அடுத்தவருடைய 2,150-க்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. இரண்டும் வேறு வேறு சதுர அடி. அதனால் ரேட் கேட்பதற்கு முன்னால் "எத்தனை சதுர அடி கணக்கு வைத்தீர்கள், எதையெல்லாம் சேர்த்தீர்கள்?" என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து, எதெல்லாம் இந்த ரேட்டில் இல்லை? கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், இல்லாவிட்டால் இருக்கவே இருக்காது. நம் வீட்டுக்கு 6,000 லிட்டரில் சம்ப், 6,000 லிட்டரில் செப்டிக் டேங்க் வேண்டும். முதல் ஆள் இரண்டையும் லிட்டருக்கு 22 ரூபாய் என்று தனியாகக் கேட்கிறார். 12,000 லிட்டருக்கு 2,64,000. இரண்டாமவர் லிட்டருக்கு 20, அதாவது 2,40,000. மூன்றாமவர் இரண்டையும் ரேட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார். இப்போது முதல் ஆள் 27,99,000. இரண்டாமவர் 26,46,500. மூன்றாமவர் அதே 26,08,500.

[திரையில்: வீட்டின் குறுக்கு வெட்டுப் படம், ரோட்டு மட்டம் சிவப்புக் கோட்டில்]

இப்போது பேஸ்மெண்ட் உயரம். இந்த வீடியோவில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. இரண்டாமவரும் மூன்றாமவரும் ரோட்டு மட்டத்தில் இருந்து 3 அடி என்று எழுதியிருக்கிறார்கள். முதல் ஆள் 2 அடி, அதற்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் சதுர அடிக்கு 60 ரூபாய். ஒரு அடிதானே என்று தோன்றும். 1,000 சதுர அடி வீட்டில் ஒரு அடி உயர்த்தினால் உள்ளே நிரப்ப மட்டுமே 1,000 கன அடி மண் வேண்டும், அது 10 யூனிட். தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினால் மண் அமுங்கும், அதனால் 12 யூனிட்டாவது கொட்ட வேண்டும். அது போக சுவர் ஒரு அடி, பூச்சு ஒரு அடி, தூண் ஒரு அடி. அதனால் கூடுதலாகக் காசு கேட்பது நியாயம்தான்.

ஆனால் அவர் கேட்ட தொகையைப் பாருங்கள். 60-ஐ 1,300-ஆல் பெருக்கி 78,000 போட்டிருக்கிறார். அந்த 1,300-க்குள் ஹெட்ரூம் 100 சதுர அடியும் இருக்கிறது. மொட்டை மாடியில் நிற்கிற ஹெட்ரூமுக்கு பேஸ்மெண்ட் எங்கிருந்து வந்தது? அதைக் கழித்தால் 72,000 தான் வரும். வித்தியாசம் வெறும் 6,000 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் அளந்து கணக்குப் போடாமல் ஒரே எண்ணை எல்லா இடத்திலும் பெருக்கியிருக்கிறார் என்று இது காட்டிக்கொடுக்கிறது. இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால், அந்த கொட்டேஷனில் இருக்கிற எல்லாப் பெருக்கலையும் நீங்களே போட்டுப் பாருங்கள். அதைத் திருத்திக்கொண்டாலும் முதல் ஆளின் மொத்தம் 28,71,000.

[திரையில் மூன்று மொத்தங்கள்: 28,71,000 – 26,46,500 – 26,08,500]

வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. அப்படியானால் 2,350 சொன்னவரிடம் கொடுத்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள், அவருடைய தாளிலும் ஒரு வரி இருக்கிறது. டைல்ஸ் சதுர அடிக்கு 45 ரூபாய் வரை. இரண்டாமவர் 60 ரூபாய் வரை என்று எழுதியிருக்கிறார். தரையும் பாத்ரூம் சுவரும் சேர்த்து 1,300 சதுர அடி டைல்ஸ் வந்தால் 19,500 ரூபாய் வித்தியாசம். கடைக்குப் போய் 60 ரூபாய் டைல்ஸைக் காட்டினால் அந்தப் பணத்தை நீங்கள்தான் கொடுப்பீர்கள். அதையும் சேர்த்தால் மூன்றாமவர் 26,28,000. இரண்டாமவருக்கும் அவருக்கும் இப்போது 18,500 ரூபாய்தான் இடைவெளி. ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேர், தனித்தனியாகக் கணக்குப் போட்டு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறார்கள் என்றால், இந்த வீட்டுக்கு இந்த வட்டாரத்தில் நியாயமான விலை அங்கேதான் இருக்கிறது. அந்த இரண்டு பேரும் மாமன் மச்சானாக இருந்தால் இது செல்லாது. ஒருவரே இன்னொருவரைக் கூட்டி வந்திருந்தாலும் செல்லாது.

கம்பிக் கணக்குக்கு ஒரே வார்த்தை: உங்கள் இன்ஜினியர் போட்ட ஒரே ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை மூன்று பேரிடமும் கொடுத்துவிட்டு ரேட் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் 6 அங்குலத்துக்கு ஒரு கம்பி வைத்துக் கணக்குப் போடுவார், இன்னொருவர் 8 அங்குலத்துக்கு ஒன்று வைப்பார்.

ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் எழுதி வாங்குங்கள். மெட்டீரியலோடு எடுக்கிற வேலைக்கு 18 சதவீதம். 26 லட்சத்துக்கு அதுவே 4,68,000. இவ்வளவு நேரம் பேசிய எல்லா வித்தியாசத்தையும் அது விழுங்கிவிடும்.

கடைசியாகப் பாறை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்களுக்கு நான் இதைச் சொல்லவே வேண்டாம். பக்கத்து மனையில் 6 அடி மண் இருக்கும், உங்கள் மனையில் இரண்டடியில் கடப்பாரை 'ணங்' என்று நிற்கும். மூன்று கொட்டேஷனிலும் அஸ்திவாரக் குழி 5 அடி ஆழம். பாறை வந்தால்? முதல் ஆள் எதுவுமே எழுதவில்லை. இரண்டாமவர் "பாறை உடைக்கும் செலவு உரிமையாளருடையது" என்று எழுதிவிட்டு ரேட்டை எழுதவில்லை. மூன்றாமவர் பிரேக்கர் வண்டிக்கு மணிக்கு இவ்வளவு, ஓடிய நேரத்தை அன்றன்றைக்கு உரிமையாளர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இதைத்தான் எல்லோரிடமும் எழுதி வாங்க வேண்டும். ஒன்றும் எழுதாத தாளைப் பார்த்து 'செலவே இல்லை' என்று நினைக்காதீர்கள். குழி பாதியில் நிற்கும்போது கேட்கிற ரேட்டை உங்களால் பேரம் பேச முடியாது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. மூன்று அடியிலேயே நல்ல பாறை வந்து, இன்ஜினியர் பார்த்து 'இதன் மேலேயே உட்காரலாம்' என்று சொன்னால், மீதி இரண்டடி தோண்ட வேண்டியதே இல்லை. 5-க்கு 5 அடியில் 12 குழி என்றால் 600 கன அடி தோண்டுகிற வேலை மிச்சம், அதைத் திரும்ப மூடுகிற வேலையும் மிச்சம். ஒவ்வொரு தூணும் இரண்டடி குட்டையாகும். பெரிய தொகை வராது. ஆனால் பாறை வந்தால் கூடுதல் கேட்கிறவர், ஆழம் குறைந்தால் கழிக்கவும் வேண்டும் அல்லவா? 'குறைந்த ஆழத்துக்கு ஏற்பக் கழிக்கப்படும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

பாறை என்று நினைத்தது மண்ணுக்குள் கிடக்கிற உருட்டுக் கல்லாகவும் இருக்கலாம். சுற்றித் தோண்டினால் கல்லின் விளிம்பு தெரிந்துவிடும், படுகைப் பாறை குழியைத் தாண்டியும் போய்க்கொண்டே இருக்கும். பாதித் தூண் கல்லின் மேலும் பாதித் தூண் மண்ணின் மேலும் நின்றால், மண் பக்கம் மட்டும் அமுங்கிச் சுவர் வெடிக்கும். அதனால் அந்த முடிவை மேஸ்திரியிடம் விடாமல் இன்ஜினியரைக் குழிக்குள் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிந்தால் கொட்டேஷன் வாங்குவதற்கு முன்னாலேயே மனையில் எதிரெதிர் மூலைகள் இரண்டிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று என்று மூன்று சோதனைக் குழி போட்டுவிடுங்கள். மூன்று கான்ட்ராக்டரையும் அந்தக் குழியைப் பார்த்துவிட்டு ரேட் போடச் சொல்லுங்கள்.

பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை, ஓசூர் பக்கம் சமீபத்தில் வீடு கட்டியவர்கள், பிரேக்கர் வண்டிக்கு மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், போர்ட்டிகோவை முழுசா பாதியா எப்படிக் கணக்கு வைத்தார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். ஊர் பெயரையும் மாதத்தையும் சேர்த்து எழுதினால், அடுத்து அஸ்திவாரம் போடப் போகிறவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே பேரம் பேசலாம்.