முடிவைச் சொல்லாமல் ஒரு நாவலோடு சண்டை போடுவது எப்படி?

வணக்கம். புத்தக விமர்சனம் பேசுகிற பலருக்கும் ஒரே இடத்தில்தான் சிக்கல் வருகிறது. நாவலில் எனக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று காரணத்தோடு சொல்லணும், ஆனால் அந்தக் காரணம் பாதி நேரம் கடைசி அத்தியாயத்தில்தான் இருக்கும். அதைச் சொன்னால் படிக்கப் போகிறவருக்குக் கெட்டுப் போகும், சொல்லாவிட்டால் "அருமை, கட்டாயம் படியுங்கள்" என்ற ரெண்டு வார்த்தையோடு வீடியோ முடிந்துவிடும். ரெண்டும் இல்லாமல் ஸ்கிரிப்ட் எழுத முடியும். அதை ஒரு நாவலை வைத்தே காட்டுகிறேன்.

காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1981-ல் வெளியிட்ட சின்ன நாவல், ஆங்கிலத்தில் 'க்ரானிக்கிள் ஆஃப் எ டெத் ஃபோர்டோல்ட்' என்று வந்தது. இதை எடுக்கக் காரணம், இதன் முதல் வாக்கியத்திலேயே சாந்தியாகோ நாசார் என்ற இளைஞனைக் கொல்லப் போகிறார்கள் என்று ஆசிரியரே சொல்லிவிடுகிறார். யார் கொல்கிறார்கள் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடும், விகாரியோ வீட்டு இரட்டைச் சகோதரர்கள். அப்போ இந்தப் புத்தகத்தில் மறைக்க என்ன மிச்சம் என்று தோன்றும். நிறைய மிச்சம் இருக்கிறது.

ஸ்கிரிப்ட் எழுத உட்காரும்போது நான் முதலில் பார்ப்பது, இந்தப் புத்தகம் எந்தக் கேள்வியை வைத்து என்னைப் பக்கம் திருப்ப வைத்தது என்பதைத்தான். பாதுகாக்க வேண்டியது அந்தக் கேள்விக்கான பதிலை. அது கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும் என்று இல்லை, நடுவிலும் இருக்கலாம். இந்த நாவலில் சாவு ரகசியம் இல்லை, அதனால் அதைத் தாராளமாகப் பேசலாம். கல்யாணமான இரவே, ஆங்கெலா விகாரியோ கன்னி இல்லை என்று கணவன் பயார்தோ சான் ரோமான் அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறான், யார் காரணம் என்று கேட்டதும் அவள் சாந்தியாகோ பெயரைச் சொல்கிறாள், அண்ணன்மார் கத்தியை எடுக்கிறார்கள். இதுவரை சொன்னதில் எதுவும் கெடவில்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு உண்மையா என்பதைத் தொட மாட்டேன். அதற்கு நாவல் பதில் தருகிறதா இல்லையா என்பதைக்கூடச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் "பதில் இருக்கு" என்பதே பாதி பதில், "பதில் இல்லை" என்பது முழுப் பதில். ஆங்கெலாவும் பயார்தோவும் பிறகு என்ன ஆனார்கள் என்பதையும் அப்படியே விட்டுவிடுவேன்.

அடுத்து வாதம். என் கருத்துக்கு ஆதாரத்தைப் புத்தகத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கிலிருந்தே எடுக்கிறேன். ஒரு நல்ல நாவலாசிரியர் கடைசியில் செய்யப் போவதை எப்படியும் ஆரம்பத்திலேயே சின்ன அளவில் செய்து பார்த்திருப்பார், தேடினால் கிடைக்கும். இந்த நாவலில் எனக்குப் பிடித்தது, ஒரு ஊரே சேர்ந்து ஒரு சாவை எப்படி நடக்கவிட்டது, பிறகு அதை எப்படி ஞாபகம் வைத்துக்கொண்டது என்று காட்டுகிற விதம். இதைச் சொல்ல எனக்குக் கொலைக் காட்சி தேவையில்லை. ஆரம்பப் பக்கங்களிலேயே அன்று காலை வானிலை எப்படி இருந்தது என்று ஒரு விஷயம் வருகிறது. கதைசொல்லி 27 வருஷம் கழித்து ஊருக்கு வந்து விசாரிக்கிறார். பளிச்சென்ற காலை, கடல்காற்று வீசியது என்று சிலர் சொல்கிறார்கள். மேகம் மூடி இருண்டு கிடந்தது என்று வேறு பலர் அடித்துச் சொல்கிறார்கள். வெயிலா மழையா என்பதிலேயே ஒத்துப்போகாத சாட்சிகள் ஒரு மனிதனின் குற்றத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? இந்த ஒரு இடத்தை வீடியோவில் நிதானமாகப் படித்துக் காட்டினாலே என் வாதம் நின்றுவிடும், ரசனையும் தெரிந்துவிடும், ஏனென்றால் அதே பக்கங்களில் இருக்கிற வேறு எதையும் விட்டு இதை நான் எடுத்தேன் இல்லையா.

பிடிக்காததைச் சொல்வதுதான் இன்னும் கஷ்டம். ஆங்கெலா விஷயத்தில் எனக்கு இந்த நாவல் மேல் மனத்தாங்கல் உண்டு. அதன் முழு ஆதாரம் பின்பகுதியில் இருக்கிறது, அங்கே நான் போகக் கூடாது. அதனால் இரண்டாவது அத்தியாயத்துக்குப் போகிறேன். அங்கே பயார்தோ மேல் தனக்கு அன்பு இல்லை என்று அவள் சொல்லப் பார்க்கிறாள், காதலையும் கற்றுக்கொள்ளலாம் என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிடுகிறாள். அந்த வரி அழகான வரி, படிப்பவருக்குச் சட்டென்று மனதில் தங்கும். என் குறையே அதுதான். அம்மாவின் வரி நிற்கிறது, மகள் அதைக் கேட்டு நின்ற நிமிஷம் காணாமல் போகிறது. ஸ்கிரிப்டில் இதை இப்படி எழுதுவேன்: "இந்த நாவல் ஊரின் மனசாட்சியை உலுக்கிப் பார்க்கிறது, ஆனால் அந்தப் பெண்ணின் வாயில் வார்த்தை வரும் முன்பே அடுத்த நல்ல வாக்கியத்துக்கு நகர்ந்துவிடுகிறது. பின்னால் இது மாறுகிறதா என்று நீங்களே படித்து என்னோடு சண்டைக்கு வாருங்கள்." இதில் ஒரு நிலைப்பாடு இருக்கிறது, மறுக்க இடமும் இருக்கிறது, முடிவு வெளியே வரவில்லை.

இப்போ தெரியாமல் கசிகிற இடங்கள். கதையை விட்டுவிட்டு நம் உணர்ச்சியைச் சொல்லும்போதுதான் பெரும்பாலும் கசியும். "கடைசி முப்பது பக்கத்தில் நொறுங்கிப் போவீர்கள்" என்றால் யாரோ சாகப் போகிறார்கள் என்று கேட்பவர் கணக்குப் போட்டுவிடுவார். "ஒரு பெரிய திருப்பம் இருக்கு, அது என்னன்னு சொல்ல மாட்டேன்" என்பது அதைவிட மோசம், அப்புறம் அவர் ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகத்தோடுதான் படிப்பார், ஆசிரியர் அவரை நம்ப வைக்கச் செய்த உழைப்பு எல்லாம் வீண். "கதைசொல்லியை நம்பாதீர்கள்" என்பதும் அப்படித்தான். காலம் காட்டும் வினைச்சொல்லும் காட்டிக் கொடுக்கும். ஒரு பாத்திரத்தைப் பற்றி மட்டும் "நல்ல மனிதராக இருந்தார்" என்று சொல்லி மற்றவர்களை எல்லாம் "இருக்கிறார்" என்று சொன்னால், அவர் கதை முடிந்தது என்று சொன்ன மாதிரிதான். நான் எல்லாரையும் நிகழ்காலத்திலேயே வைத்துப் பேசுகிறேன். எடிட் பண்ணும்போது பக்கம் புரட்டும் காட்சியில் கடைசித் தாள்கள் தெளிவாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள், வீடியோவை நிறுத்திப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால், முடிவு எப்படிப்பட்டது என்று பேசாமல் அதற்கு முந்தைய பக்கங்கள் அதைத் தாங்குகின்றனவா என்று பேசலாம். "ஆசிரியர் முதலில் கொடுத்த தகவலை வைத்தே முடிக்கிறார், கடைசி நேரத்தில் புதிதாக எதையும் கொண்டுவந்து நுழைக்கவில்லை" என்ற மாதிரி. இதில் சந்தோஷமா துக்கமா என்றுகூடத் தெரியாது, ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு இது உதவும்.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் ரெண்டு பேரிடம் கொடுக்கிறேன். புத்தகம் படிக்காத ஒருவரிடம், முடிவு என்னவாக இருக்கும் என்று ஊகிக்கச் சொல்கிறேன். சரியாகச் சொல்லிவிட்டால், எந்த வாக்கியத்தை வைத்து அப்படி நினைத்தார் என்று கேட்டு அதை வெட்டுகிறேன். பெரும்பாலும் அது கதைச்சுருக்கத்தில் இருக்காது, "பாவம் அவன்" மாதிரி போகிற போக்கில் வந்த ஒரு சொல்லாக இருக்கும். படித்த இன்னொருவரிடம், புத்தகத்தின் பெயரை மறைத்துவிட்டு இது எந்த நாவல் என்று தெரிகிறதா என்று கேட்கிறேன், பாத்திரங்களின் பெயரையும் எடுத்துவிட்டுத்தான். அவருக்குத் தெரியவில்லை என்றால் நான் பயந்து பயந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன், எந்த நாவலுக்கும் பொருந்துகிற பேச்சாகிவிட்டது என்று அர்த்தம். அப்போ மறுபடியும் முதல் அத்தியாயத்துக்குப் போய் அந்த வானிலை மாதிரி இன்னொரு இடத்தைத் தேடுவேன்.